நரைமுடியும் டெலோமியர் ரிப்போர்ட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் உயிர்வேதியியல் பாடம் எடுக்கிறேன். போன மாதம் என் அத்தான் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். எச்சிலைக் குப்பியில் துப்பிக் கூரியரில் அனுப்பினால் "உங்கள் செல்களின் வயது" என்று திருப்பி அனுப்புகிற டெலோமியர் பரிசோதனை அது. அத்தானுக்கு 41 வயது, ரிப்போர்ட்டில் 57 என்று போட்டிருந்தது. முப்பதிலேயே அவருக்குத் தலை நரைத்துவிட்டது என்பதால் "அன்னைக்கே தெரியும்" என்று அக்கா ஒரு பக்கம், "ஜாதகத்தை ஒரு தடவை பாரு" என்று ஆச்சி இன்னொரு பக்கம். அந்த வாரம் குடும்பத்திலும் பக்கத்து வீட்டிலும் அப்புறம் வகுப்பிலும் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

முப்பது வயசுல தலை நரைச்சிட்டுன்னா உள்ளே செல்லெல்லாம் கிழடு தட்டிட்டுன்னு அர்த்தமா?

இல்லை. முடிக்கு நிறம் ஏற்றுகிற ஒரே ஒரு வகை செல், அதுவும் அந்தந்த முடியின் வேரில் மட்டும், வேலையை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். பக்கத்து வேரில் அதே வகை செல் நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும், அதனால்தான் ஒரே தலையில் கறுப்பும் வெள்ளையும் கலந்து கிடக்கிறது. ஈரலும் இதயமும் இதில் கையெழுத்துப் போடவே இல்லை.

எப்போது நரைக்கும் என்பதைப் பெரும்பாலும் வம்சம்தான் முடிவு செய்கிறது. அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் எந்த வயதில் நரைத்தது என்று கேட்டுப் பாருங்கள், பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும். தோல் மருத்துவர்கள் ஆசியர்களுக்கு 25 வயதுக்கு முன்னால் வந்தால்தான் இளநரை என்று சொல்கிறார்கள். அத்தானுக்கு முப்பது, அந்தக் கணக்கில் அவர் சேரவே மாட்டார். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஆயிரக்கணக்கான பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஒரு இதய ஆய்வில் நரையின் அளவுக்கும் யார் சீக்கிரம் இறந்தார்கள் என்பதற்கும் சொல்லும்படியான தொடர்பு கிடைக்கவில்லை.

டெலோமியர்னா என்ன? ரெண்டு வரியில சொல்லுங்க.

முந்தானை ஓரத்தில் குஞ்சம் முடிந்திருப்பார்கள் இல்லையா, நெசவு பிரிந்து போகாமல் இருக்க? டிஎன்ஏ இழையின் இரண்டு முனையிலும் இருக்கிற குஞ்சம்தான் டெலோமியர். டி, டி, ஏ, ஜி, ஜி, ஜி என்ற ஆறு எழுத்து ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வரும், அதில் எந்தச் செய்தியும் கிடையாது.

இரண்டு வரி முடிந்துவிட்டது, ஆனாலும் இன்னொன்றைச் சொல்லாமல் முடியாது. செல் இரண்டாகப் பிரியும்போது டிஎன்ஏவை நகல் எடுக்கிற இயந்திரத்தால் முனையின் கடைசித் துண்டை மட்டும் எடுக்க முடியாது, அதனால் ஒவ்வொரு பிரிவிலும் குஞ்சம் கொஞ்சம் தேயும். மிகவும் தேய்ந்தால் செல் அதை அறுந்த டிஎன்ஏ என்று நினைத்துக்கொண்டு பிரிவதையே நிறுத்திவிடும். மனித செல்லை ஆய்வகத்தில் வளர்த்தால் 40, 60 தடவை பிரிந்ததும் நின்றுவிடுகிறது என்று லெனார்ட் ஹேஃப்லிக் 1961-ல் காட்டினார், காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. தேய்ந்ததை மறுபடி நீட்டிக் கொடுக்கிற டெலோமரேஸ் என்ற நொதியும் உண்டு. டெலோமியர் பற்றியும் இந்த நொதி பற்றியும் கண்டுபிடித்ததற்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவருக்கும் 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் உடம்பின் பெரும்பாலான செல்களில் அந்த நொதி வேலை செய்வதில்லை.

ரிப்போர்ட்டுல 57னு தெளிவா போட்டிருக்கே, அது எப்படித் தப்பாகும்?

அந்த 57 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம், கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

அத்தானின் சராசரி டெலோமியர் நீளம் 6,600 எழுத்து என்று ரிப்போர்ட் சொல்கிறது. அவர் வயதுக்காரர்களின் சராசரி என்று அவர்கள் எடுத்துக்கொண்டது 7,000. வித்தியாசம் 400. பெரியவர்களின் ரத்த வெள்ளணுக்களில் வருடத்துக்குச் சுமார் 25 எழுத்து தேய்கிறது என்பது பல ஆய்வுகளில் வருகிற அளவு. 400-ஐ 25-ஆல் வகுத்தால் 16, அதை 41-உடன் கூட்டினால் 57. அவ்வளவுதான் விஷயம், இதற்குத்தான் அத்தான் ஆயிரக்கணக்கில் பணம் கட்டியிருக்கிறார்.

இதில் கூட்டலும் வகுத்தலும் சரி. ஆனால் எல்லோரும் ஒரே நீளத்தில் பிறந்து ஒரே வேகத்தில் தேய்கிறார்கள் என்று சொல்லாமலே வைத்துக்கொண்டார்களே, அதுதான் தப்பு. உண்மையில் ஒரே வயதுக்காரர்களை வரிசையில் நிறுத்தினால் மூன்றில் இரண்டு பேர் சராசரிக்கு மேலேயும் கீழேயும் ஏறத்தாழ 650 எழுத்துக்குள் இருப்பார்கள், மீதிப் பேர் அதற்கும் வெளியே. அந்த 650-ஐயும் 25-ஆல் வகுத்துப் பாருங்கள்: 26 வருடம். அதாவது நல்ல ஆரோக்கியமான 41 வயதுக்காரர் ஒருவருக்கு "15 வயது" என்றும், அவருடைய கூட்டாளி ஒருவருக்கு "67 வயது" என்றும் இதே கணக்கு சொல்லும். அத்தானின் 400 அந்த வரம்புக்குள்ளேயே கிடக்கிறது.

இந்த வித்தியாசம் பெரும்பாலும் பிறக்கும்போதே வந்துவிடுகிறது. பச்சைக் குழந்தைக்குச் சராசரி 10,000 அளவில் இருக்கும், ஆனால் குழந்தைக்குக் குழந்தை ஆயிரக்கணக்கில் மாறும். 20 வயதிலிருந்து 60 வரை 40 வருடம் தேய்ந்தாலும் மொத்தம் 1,000 எழுத்துதான். அப்பா வயதானவராக இருக்கும்போது பிறந்த பிள்ளைக்கு டெலோமியர் கொஞ்சம் நீளமாக இருக்கும் (வயது ஏற ஏற விந்தணுவில் அது நீள்கிறது), பெண்களுக்குச் சராசரியாக ஆண்களைவிட நீளம். அதனால் இன்றைக்கு அளக்கிற நீளத்தில் நீங்கள் வாழ்ந்த வாழ்க்கையைவிட உங்களுக்குக் கிடைத்த ஆரம்பச் சொத்துதான் அதிகம் தெரிகிறது. பெரியவர்களிடையே டெலோமியர் நீளத்தில் இருக்கிற வித்தியாசத்தில் வயது விளக்குவது பெரும்பாலான ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். முகத்தைப் பார்த்து வயது சொல்கிற கண்டக்டர் இதைவிட நன்றாகச் சொல்லிவிடுவார்.

ஆறு மாசம் யோகா, நடைப்பயிற்சி எல்லாம் பண்ணிட்டுத் திரும்ப எடுத்தா வித்தியாசம் தெரியும்லா?

தெரியும், ஆனால் எதனால் என்று சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட மலிவான பரிசோதனைகள் பெரும்பாலும் பிசிஆர் முறையில் செய்யப்படுகின்றன. டெலோமியர் துண்டையும் வேறொரு சாதாரண மரபணுவையும் பெருக்கி, முதலாவது இரண்டாவதைப் போல எத்தனை மடங்கு என்று பார்த்து, அந்த விகிதத்தை எழுத்துக் கணக்காக மாற்றிக்கொள்கிறார்கள். ஒரே மாதிரியை இரண்டு தடவை ஓட்டினால் 5 சதவீதம் முன்னே பின்னே வருவது சாதாரணம், கவனம் இல்லாத ஆய்வகத்தில் அதற்கு மேலும் போகும். 6,600-ல் 5 சதவீதம் 330. அது 13 வருடம்! நீங்கள் ஆறு மாதத்தில் எதிர்பார்க்கக்கூடிய உண்மையான தேய்மானம் 12, 13 எழுத்து. மூட்டை நெல் போடுகிற தராசில் மூக்குத்தியை நிறுக்கிற கதை.

இன்னொன்றும் உண்டு. எச்சிலானாலும் ரத்தமானாலும் அதில் பல வகைச் செல்கள் கலந்திருக்கும், ஒவ்வொரு வகைக்கும் டெலோமியர் நீளம் வேறு. காய்ச்சல் வந்து போன வாரம் வெள்ளணுக்களின் கலவை மாறியிருக்கும், சராசரியும் மாறும், ஆனால் எந்தச் செல்லிலும் எதுவும் நீளவோ தேயவோ செய்திருக்காது. "மூன்று மாதத்தில் டெலோமியர் நீண்டது" என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது இந்தக் கலவைதான். விண்வெளியில் ஏறத்தாழ ஒரு வருடம் இருந்த ஸ்காட் கெல்லிக்கு அங்கே இருக்கும்போது வெள்ளணுக்களின் டெலோமியர் நீண்டதும் தரைக்கு வந்ததும் மளமளவென்று குறைந்ததும் நாசா 2019-ல் வெளியிட்ட இரட்டையர் ஆய்வில் இருக்கிறது. விண்கலத்தில் உட்கார்ந்து இளமையானார் என்று யாரும் சொல்லவில்லையே.

எப்படியோ, நீளமா இருந்தா நல்லதுதானே?

ஆய்வக எலிக்கு நம்மைவிடப் பல மடங்கு நீளமான டெலோமியர். அது வாழ்வதோ இரண்டு மூன்று வருடம்.

மனிதர்களிலும் நீளம் ஒரு பக்கம் நல்லது, இன்னொரு பக்கம் கெடுதல். டெலோமியர் தேய்ந்து செல் நிற்பது முதுமைக்கு மட்டுமா காரணம், கட்டுக்கடங்காமல் பிரிய ஆரம்பித்த செல்லுக்கு அது பிரேக்கும்தான். புற்றுநோய்ச் செல்களில் பத்தில் ஒன்பது அந்த டெலோமரேஸ் நொதியைத் திரும்ப முடுக்கிவிட்டுத்தான் அந்தப் பிரேக்கைத் தாண்டுகின்றன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு 2023-ல் வெளியிட்ட ஆய்வில், பாட்1 என்ற மரபணுவில் மாற்றம் இருந்ததால் பரம்பரையாக மிக நீளமான டெலோமியர் கொண்ட சில குடும்பங்களைப் பார்த்தார்கள். அவர்களில் சிலருக்கு வயதாகியும் தலை நரைக்கவில்லை. ஊரில் பார்த்தால் கண்பட்டுவிடும் என்போம். ஆனால் அதே ஆட்களிடம் கட்டிகளும், ரத்தத்தில் ஒரே மூலச் செல்லின் வாரிசுகள் அளவுக்கு மீறிப் பெருகிக் கிடப்பதும் அதிகமாக இருந்தன.

அப்போ முடி எதனாலதான் நரைக்கு?

முடியின் வேருக்குக் கொஞ்சம் மேலே, பக்கவாட்டில் ஒரு புடைப்பு இருக்கிறது. நிறச்செல்களுக்கான மூலச் செல்கள் குடியிருப்பது அங்கேதான். ஒரு முடி உதிர்ந்து அடுத்தது முளைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் அங்கிருந்து கொஞ்சம் செல் கீழே இறங்கி மெலனின் என்ற நிறமியைத் தயாரித்துப் புது முடிக்குள் ஊட்டும். சேமிப்பு தீர்ந்துவிட்டால், அல்லது சேமிப்பு இருந்தும் இறங்க வேண்டிய செல் இறங்காமல் அந்தப் புடைப்பிலேயே சிக்கிக்கொண்டால், முடி வெறுமையாக வெளியே வரும். தீர்ந்துபோவதை 2005-லும் சிக்கிக்கொள்வதை 2023-லும் எலிகளில் காட்டினார்கள். சாதாரண நரைக்கு இதில் டெலோமியர் முக்கியக் காரணமாக வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கவலைப்பட்டா நரைக்கும்னு ஆச்சி சொல்லுதாவளே, நரைச்சது திரும்பக் கறுக்குமா?

ஆச்சி சொல்வதில் விஷயம் இருக்கிறது. எலிக்குக் கடுமையான அழுத்தம் கொடுத்தபோது வேரைச் சுற்றியிருக்கிற நரம்பு நார்-அட்ரினலினைக் கொட்டி, மூலச் செல்களை ஒரே மூச்சில் வேலைக்கு இழுத்துச் சேமிப்பைக் காலி செய்தது. 2020-ல் வந்த ஆய்வு அது. ஆனால் ராத்திரி படுத்துக் காலையில் வெள்ளையாய் எழுந்த கதையை நம்ப வேண்டாம், வெளியே வந்த முடி செத்த பொருள், அது நிறம் மாறாது.

திரும்பக் கறுப்பது உண்டா என்றால், சில முடியில் உண்டு. இதை நீங்களே பார்க்கலாம். சீப்பில் வந்த முடி ஒன்றை வெள்ளைத்தாள் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். மாதம் ஒரு சென்டிமீட்டர் கணக்கில் வளர்வதால் வேர்ப்பக்கம் இந்த மாதம், நுனி போன வருடம், அந்த முடி ஒரு டைரி மாதிரி. எப்போதாவது ஒன்று நுனி வெள்ளையாக, வேர்ப்பக்கம் கறுப்பாக இருக்கும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 14 பேரின் முடியை இப்படி நுண்ணோக்கியில் அலசி 2021-ல் வெளியிட்டார்கள். ஒருவர் விடுமுறையில் போயிருந்த நாட்களோடு அவருடைய ஐந்து முடி திரும்பக் கறுத்தது பொருந்தியது. ஐந்தே ஐந்து, தலை முழுக்க இல்லை. நரைக்கும் விளிம்பில் நிற்கிற முடிதான் அப்படித் திரும்பும், பத்து வருடமாய் வெள்ளையாய் வருவது திரும்பாது.

ஒன்னைப் பிடுங்கினா பத்து முளைக்குமா?

முளைக்காது. ஒரு முடியைப் பிடுங்குவதால் பக்கத்து முடி நரைத்துவிடாது.

அப்போ நரைக்கும் டெலோமியருக்கும் சம்பந்தமே இல்லைன்னு முடிச்சுக்கலாமா?

முடிக்கக்கூடாத இடம் ஒன்று இருக்கிறது, இந்தப் பக்கத்தையே நான் எழுதியது அதற்காகத்தான்.

டெலோமரேஸ் தொடர்பான மரபணுக்களில் பழுதோடு பிறக்கிற சில குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு டெலோமியர் சராசரிக்குக் கொஞ்சம் கீழே இல்லை, அதலபாதாளத்தில் இருக்கும். அதிகம் பிரிகிற எலும்பு மஜ்ஜைச் செல்கள் அடி வாங்கும், மெதுவாகப் பிரிகிற நுரையீரலும் ஈரலும்கூடத் தப்பாது. அப்புறம் முடியின் நிறச்செல். இருபதுகளிலேயே, சிலருக்கு அதற்கும் முன்பே, தலை வெளுத்துவிடும்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம், அம்பாசமுத்திரம் பக்கம் என்று வையுங்கள். தாத்தாவுக்கு 65-ல் வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், "பீடி குடிச்சதால வந்த இழுப்பு" என்று சொல்லிவிட்டார்கள். மகனுக்கு 48-ல் அதே இருமல், அவர் பீடி தொட்டதே இல்லை. டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தபோது வெல்க்ரோவைப் பிரிப்பது போலக் கரகரவென்று கேட்டது, சிடி ஸ்கேனில் நுரையீரல் தழும்பேறிக் கிடந்தது. பேரனுக்கு 22 வயது, தலை பாதி வெள்ளை, ரத்தம் உறைய உதவுகிற தட்டணு குறைவு, ஈறில் ரத்தம். மூன்று பேரையும் மூன்று வெவ்வேறு மருத்துவர்கள் மூன்று வியாதியாகப் பார்த்தார்கள். ஆனால் இது ஒரே வியாதி. பழுதான மரபணுவோடு தேய்ந்த டெலோமியரும் சேர்ந்து பிள்ளைக்குப் போவதால் ஒவ்வொரு தலைமுறையிலும் சீக்கிரமாக வரும், பெரியவர்களுக்கு நுரையீரலிலும் சிறுசுகளுக்கு ரத்தத்திலும் தலைகாட்டும்.

இந்தக் குடும்பத்தில் 22 வயது நரைதான் துப்பு, தனியாக அல்ல, இருமலோடும் தட்டணுவோடும் சேர்த்துப் பார்க்கும்போது.

கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம்? மருந்து இருக்கா?

குணமாக்கும் மருந்து இல்லை, ஆனால் சிகிச்சையே மாறுகிறது. பேரனுக்கு மஜ்ஜை மாற்ற வேண்டி வந்தால் அண்ணன் தம்பியிடமிருந்து எடுப்பதுதான் வழக்கம், அந்த அண்ணனுக்கும் அதே பழுது சத்தமில்லாமல் இருக்கலாம், அதைப் பார்க்காமல் எடுத்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. மாற்றுவதற்கு முன்னால் கொடுக்கிற கீமோ, கதிர்வீச்சு அளவையும் குறைக்க வேண்டும், இவர்கள் உடம்பு வழக்கமான அளவைத் தாங்காது. மகனின் நுரையீரல் தழும்புக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் டெலோமியர் குட்டையானவர்களுக்கு அது நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறது.

இதற்கு எடுக்கிற பரிசோதனையும் வேறு. ஃப்ளோ-ஃபிஷ் என்று பெயர், புதிதாக எடுத்த ரத்தத்தில் உயிரோடு இருக்கிற லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்களைத் தனியே பிரித்து, டெலோமியரில் ஒளிரும் சாயம் ஒட்டி அளப்பது. வயது எவ்வளவு என்று அது சொல்லாது. அதே வயதுள்ள நூறு பேரை நீளத்தின்படி நிறுத்தினால் நீங்கள் எத்தனையாவது ஆள் என்று சொல்லும். நூறில் கடைசி ஆளுக்கும் பின்னால் நின்றால் மருத்துவர் மரபணுவைத் தேடுவார். அத்தான் மாதிரி பின்னாலிருந்து எண்ணி முப்பதாவது ஆள் பக்கம் என்றால் பேச ஒன்றுமில்லை.

டெலோமியரை நீட்டுற கேப்ஸ்யூல் விக்காங்களே? கரிசலாங்கண்ணித் தைலம்?

கேப்ஸ்யூல் ஆயுளைக் கூட்டியதற்கு மனிதர்களிடம் சான்று இல்லை, டெலோமரேஸை யார் முதலில் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பதை மேலே சொல்லியாகிவிட்டது. தைலம் முடிக்குப் பளபளப்புத் தரும், கொஞ்சம் கருமையும் பூசும், தேய்க்கும்போது சுகமாகவும் இருக்கும். வேருக்குள் தீர்ந்துபோன சேமிப்பை அது நிரப்பாது.

சரி, அத்தான் இப்போ என்னதான் செய்யுதாரு?

அவரிடம் மூன்று கேள்வி கேட்டேன். குடும்பத்தில் யாருக்காவது நுரையீரல் தழும்பு, ரத்த அணு குறைவு, குடிக்காமலே ஈரல் சுருக்கம் உண்டா? இல்லை. நரை எப்போது ஆரம்பித்தது? முப்பதில், அவங்க அப்பாவுக்கும் அப்படித்தான். வேறு தொந்தரவு? "ராத்திரி கால் மரத்துப் போகுது மாப்ளே, அது கிடக்கட்டும்" என்றார்.

அது கிடக்கக்கூடாது. அத்தான் சுத்த சைவம், பாலும் பிடிக்காது. நரையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை தைராய்டும் பி12-உம்தான். ஜங்ஷனில் ஒரு லேபில் இரண்டையும் எடுத்தோம், தைராய்டு சரி, பி12 தரையில் கிடந்தது. டாக்டர் ஊசி எழுதிக் கொடுத்தார், ஆறேழு வாரத்தில் கால் மரப்பு நன்றாகக் குறைந்துவிட்டது. முடி அப்படியேதான் இருக்கிறது. அந்த 57 வயது ரிப்போர்ட்டை அக்கா இன்னும் பீரோவில் எல்ஐசி பத்திரத்தோடு வைத்திருக்கிறாள்.